எல்லா செட்டுக்கும் பொருந்தும் பெயர்: பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஆண்டுச் சந்திப்புக்கும் பெயர் வைப்பது எப்படி?

முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளியின் பெயரை எழுது, அதன் பின்னால் 'முன்னாள் மாணவர் சங்கம்' என்று சேர், முடிந்தது. பத்து ஆண்டுக்குள் தொடங்கிய தனியார் பள்ளிக்கு இது போதும். எழுபது எண்பது ஆண்டு வயதான அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ போதாது. அந்தப் பள்ளியின் பெயரே நடுவில் மூன்று நான்கு முறை மாறியிருக்கும். இன்றைய பெயர்ப் பலகையைப் பார்த்து வைக்கிற பெயர், இன்றைய மாணவர்களையும் நேற்றைய மாணவர்களையும் மட்டுமே குறிக்கும். 1965-ல் படித்து முடித்தவர் அந்த அழைப்பிதழைப் பார்த்தால் அது வேறு ஏதோ பள்ளி என்றுதான் நினைப்பார்.

பெயர் தவறாக அமைந்துவிட்டது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "நான் அங்கே ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தேன், நான் வரலாமா?" "எங்கள் காலத்தில் அது ஹைஸ்கூல்தான், எங்களையும் கூப்பிடுகிறீர்களா?" இப்படிக் கேள்விகள் வருகின்றன என்றால், கேட்காமலே ஒதுங்கிக்கொண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு இருப்பார்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு பள்ளியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஊரின் பெயர் மேலப்பட்டி, கற்பனைப் பெயர்தான். பள்ளியின் வரலாறு மட்டும் தமிழ்நாட்டில் ஏராளமான ஊர்களில் நடந்த வரலாறு.

முதல் படி: பள்ளியின் பழைய பெயர்களைத் திரட்டுங்கள்

மேலப்பட்டிப் பள்ளி 1940-களில் ஜில்லா போர்டு ஹைஸ்கூலாகத் தொடங்கியது. ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்ட பிறகு அரசு உயர்நிலைப்பள்ளி ஆனது. தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது அரசு மேல்நிலைப்பள்ளி ஆனது. பின்னர் மாணவர் எண்ணிக்கை கூடியதால், 1980-களின் நடுவில் பெண்களுக்குத் தனிப் பள்ளி கட்டினார்கள். பழைய வளாகம் அரசு ஆண்கள் மேல்நிலைப்பள்ளி ஆனது. ஒரே இடம், ஒரே வேப்பமரம், ஒரே மணி. பெயர் மட்டும் நான்கு.

இந்தப் பட்டியலை நினைவிலிருந்து எழுத வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்றுச் சேர்க்கைப் பதிவேட்டின் பழைய தொகுதிகளின் மேலட்டையைப் பாருங்கள். வெவ்வேறு காலத்தில் படித்தவர்களிடம் மாற்றுச் சான்றிதழையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பில் அன்றைய பெயர் அச்சாகியிருக்கும். கட்டடச் சுவரில் பதித்த திறப்பு விழாக் கல்வெட்டும், ஆண்டிறுதிக் குழுப் படத்தில் முன்வரிசைக்குக் கீழே வைத்த பலகையும் நல்ல சான்றுகள். ஒவ்வொரு பெயரும் ஏறக்குறைய எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலை எழுதி முடித்தவுடன் ஒன்று கண்ணில் படும். மாறியதெல்லாம் பெயரின் வால் பகுதி. கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் படித்தது 'டவுன் ஹைஸ்கூல்'. இன்று அது டவுன் மேல்நிலைப் பள்ளி. அப்துல் கலாம் படித்தபோது ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியாக இருந்தது, இன்று ஸ்வார்ட்ஸ் மேல்நிலைப் பள்ளி. ஊரும் 'டவுன்', 'ஸ்வார்ட்ஸ்' என்ற நடுச்சொல்லும் நிலைத்து நிற்கின்றன. உங்கள் சங்கத்தின் பெயரை அந்த நிலைத்த பகுதியின் மேல்தான் கட்ட வேண்டும்.

இரண்டாம் படி: யார் முன்னாள் மாணவர் என்று முதலில் எழுதுங்கள்

பெயர் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பெரும்பாலான குழுக்கள் பெயரை வைத்துவிட்டு, முதல் சந்திப்பு நடக்கும்போதுதான் இந்தச் சண்டையைத் தொடங்குகின்றன.

பள்ளியில் இறுதித் தேர்வு எழுதியவர்கள் மட்டும் முன்னாள் மாணவர்கள் என்று வரையறுத்தால், எட்டாம் வகுப்போடு தறி வேலைக்கோ மளிகைக் கடைக்கோ போனவர்கள் வெளியே நிற்பார்கள். அப்பாவின் மாறுதலால் நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர்களும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் தேறாதவர்கள், தாங்களாக வரவே மாட்டார்கள். ஊரிலேயே இருந்து, பள்ளிக்கு மதில் கட்ட செங்கல் இறக்கிக் கொடுக்கிறவர்கள் பல ஊர்களில் இவர்கள்தான்.

ஆகவே வரையறையை அகலமாக வையுங்கள். 'இப்பள்ளியில் எந்த வகுப்பிலாவது ஒரு கல்வியாண்டேனும் படித்த அனைவரும்' என்பது போதும். 'தேர்ச்சி', 'முடித்த', 'பட்டம்' போன்ற சொற்கள் வரையறையிலும் வேண்டாம், பெயரிலும் வேண்டாம். ஆசிரியர்களையும் அலுவலக, சத்துணவுப் பணியாளர்களையும் சேர்க்க விரும்பினால் கௌரவ உறுப்பினர் என்று தனிப் பிரிவு வையுங்கள். பெயரில் அவர்களையும் அடைக்கப் பார்த்தால் பெயர் பிதுங்கிவிடும்.

மூன்றாம் படி: பெயரைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுங்கள்

ஒரு சங்கத்தின் பெயரில் மூன்று துண்டுகள் இருக்கும்: எந்தப் பள்ளி, யார், என்ன அமைப்பு. ஒவ்வொன்றையும் தனியாகப் பேசி முடிவெடுத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

பள்ளியைக் குறிக்கும் துண்டில்தான் மேலப்பட்டிக்காரர்கள் அதிக நேரம் செலவழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மேலப்பட்டி அரசு ஆண்கள் மேல்நிலைப்பள்ளி' என்று இன்றைய பெயரை அப்படியே வைத்தால், பிரிவினைக்கு முன் அதே வகுப்பறையில் உட்கார்ந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே சொல்லில் வெளியேறுகிறார்கள். போர்டு ஹைஸ்கூல் காலத்தவர்களும் 'மேல்நிலை' என்ற சொல்லுக்குள் வரவில்லை. அவர்கள் காலத்தில் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும், முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வே 1980-ல்தான் நடந்தது. சரி, 'மேலப்பட்டி அரசுப் பள்ளி' என்று வைக்கலாமா? ஊரில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்று இருக்கிறது, பெண்கள் மேல்நிலைப்பள்ளியும் இருக்கிறது. எது அந்த அரசுப் பள்ளி என்று யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் ஊர் வழக்கு கைகொடுக்கும். மேலப்பட்டியில் அன்று முதல் இன்று வரை அந்தப் பள்ளியைப் 'பெரிய பள்ளிக்கூடம்' என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் அது 'கோட்டைப் பள்ளி'யாகவோ 'மலையடிப் பள்ளி'யாகவோ 'போர்டு ஸ்கூல்' ஆகவோ இருக்கலாம். பேருந்து நடத்துநர் நிறுத்தத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். எல்லாத் தலைமுறைக்கும் தெரிந்த பெயர் அது. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பெயரில் சாதித் தெருவோ கட்சித் தலைவரோ ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

பள்ளிக்கு இடம் கொடுத்தவர், முப்பது ஆண்டு பணியாற்றிய தலைமை ஆசிரியர் ஆகியோரின் பெயரைச் சங்கத்துக்கு வைக்க வேண்டும் என்று யாராவது உருக்கமாகப் பேசுவார்கள். மறுப்பது கடினம், ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும். அந்தத் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த மாணவனுக்கு அவர் வெறும் ஒரு படம். அவர் காலத்துக்கு முந்தியவர்களுக்கு அதுவும் இல்லை. அவர் பெயரில் ஒரு பரிசோ உதவித்தொகையோ வையுங்கள், அங்கே அது நன்றாக உட்காரும்.

இரண்டாம் துண்டில் 'மாணவர்' என்பது இருபாலருக்கும் பொது என்று இலக்கணம் பேசலாம். ஆண்கள் பள்ளியாகிவிட்ட ஒரு வளாகத்தின் பெயரில் அந்த வாதம் எடுபடாது. 'மாணவ மாணவியர்' என்று தெளிவாகவே எழுதுங்கள். இலங்கையில் 'பழைய மாணவர்' என்பதுதான் வழக்கு, தமிழ்நாட்டில் 'முன்னாள் மாணவர்'. இரண்டும் நல்ல சொற்கள், உங்கள் ஊரில் புழங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் துண்டில் 'சங்கம்' என்பதே என் தேர்வு. 'கழகம்' என்றால் தமிழ்நாட்டில் கட்சி நினைவு வரும். மேலும் பள்ளிக்குள் ஏற்கனவே பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. 'மன்றம்' நடிகர்களின் நற்பணி மன்றத்தை நினைவூட்டும். 'அறக்கட்டளை' என்ற சொல்லைக் கம்பீரத்துக்காகச் சேர்ப்பவர்கள் அதன் பொருளை யோசிப்பதில்லை. அறக்கட்டளையில் அறங்காவலர்கள் உண்டு. பொதுவாக, ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் கிடையாது. முதலில் கையெழுத்துப் போட்ட ஒரே செட்டின் ஐந்து பேர் காலமெல்லாம் சாவியை வைத்திருப்பார்கள். எல்லா செட்டும் முறை வைத்து நிர்வாகத்துக்கு வர வேண்டும் என்றால் சங்கமே சரி.

இவ்வளவும் கடந்து மேலப்பட்டிக்குக் கிடைத்த பெயர்: மேலப்பட்டி பெரிய பள்ளி முன்னாள் மாணவ மாணவியர் சங்கம். ஊர்ப் பெயர் முதலில் வருவதைக் கவனியுங்கள். கைபேசித் திரையில் குழுவின் பெயர் பட்டியலாகத் தெரியும்போது முதல் சில சொற்களே தெரியும். 'முன்னாள் மாணவர்கள்' என்று தொடங்கும் நான்கு குழுக்கள் ஒரே ஆளின் கைபேசியில் இருக்கும். எழுத்துச் சுருக்கத்தையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத சுருக்கத்தை வைத்து ரசீதுப் புத்தகம் அடிக்காதீர்கள்.

நான்காம் படி: வாக்கெடுப்பைத் தலைகளால் எண்ணாதீர்கள்

பெயரை மக்களிடம் விடுவது நல்லது. எப்படி விடுகிறோம் என்பதில்தான் பிழை நேரும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தால், 1996 செட்டில் நூற்று நாற்பது பேர் இருப்பார்கள், 1971 செட்டில் ஆறு பேர். அந்த ஆறு பேரில் இருவருக்கு வாட்ஸ்அப்பே கிடையாது. முடிவு என்ன வரும் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

ஆகவே ஒரு செட்டுக்கு ஒரு வாக்கு. ஒவ்வொரு செட்டிலும் ஒருவரைத் தொடர்பாளராக வைத்து, அவர் தன் செட்டோடு பேசி ஒரே விடை சொல்ல வேண்டும். ஆட்கள் குறைந்த பழைய செட்டுகளைப் பத்தாண்டு வாரியாகச் சேர்த்து ஒரு வாக்காக எண்ணினால் அவர்கள் குரல் மூழ்கிப்போகும். அங்கும் ஆண்டுக்கு ஒன்றுதான். அவர்களிடம் தொலைபேசியில் கேளுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். மூன்று பெயர்களுக்கு மேல் முன்வைக்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் 'இந்தப் பெயரைப் பார்த்தால் உங்களை அழைப்பதாகத் தோன்றுகிறதா?' என்று மட்டும் கேளுங்கள். 'எது பிடித்திருக்கிறது?' என்று கேட்டால் எதுகை மோனைக்குத்தான் வாக்கு விழும்.

ஒரு பெயர் அதிக வாக்குப் பெற்றாலும், ஒரு குறிப்பிட்ட காலத்துச் செட்டுகள் எல்லாம் சேர்ந்து 'இல்லை' என்றால் அதைக் கைவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் அங்கே இருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: பதிவும் பைலாவும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரும் ஒரே செட்டாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மேலப்பட்டியின் ஒவ்வொரு பழைய பெயருக்கும் ஒருவராவது இருக்கட்டும். பிரிவினைக்கு முன் படித்த பெண்கள் இருவர் இருக்கட்டும்.

ஏற்கனவே பதிவான சங்கத்தின் பெயரோ அதை ஒத்த பெயரோ கிடைக்காது. பள்ளிக்குக் காந்தி, நேரு போன்ற தலைவர்களின் பெயர் இருந்தால், சின்னங்கள், பெயர்கள் தொடர்பான 1950-ம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரலாம். பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பள்ளியின் முத்திரையையும் இன்றைய பெயரையும் ரசீதில் அச்சிடுவதானால் தலைமை ஆசிரியரின் எழுத்துமூலமான இசைவு வேண்டும்.

'பெரிய பள்ளி' என்பது ஊர்வழக்குப் பெயர் என்பதால் அலுவலகத்தில் 'இது எந்தப் பள்ளி?' என்று கேட்பார்கள். அதற்கான விடை பைலாவில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"இச்சங்கத்தின் பெயரில் உள்ள 'பெரிய பள்ளி' என்பது மேலப்பட்டியில் ஜில்லா போர்டு ஹைஸ்கூல், அரசு உயர்நிலைப்பள்ளி, அரசு மேல்நிலைப்பள்ளி, அரசு ஆண்கள் மேல்நிலைப்பள்ளி ஆகிய பெயர்களில் இயங்கியதும், இனி எந்தப் பெயரில் இயங்கக்கூடியதுமான ஒரே பள்ளியைக் குறிக்கும்."

'இனி எந்தப் பெயரில்' என்ற சொற்களை மறந்துவிடாதீர்கள். நாளை அரசு அதைத் தரம் உயர்த்தினாலும் வேறொன்றோடு இணைத்தாலும் சங்கம் அப்படியே நிற்கும்.

பதிவுச் சான்று, பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஆங்கில எழுத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'பட்டி'யில் ஒரு டி குறைந்தால்கூட வங்கியில் காசோலை நிற்கும். பதிவுக்கு முன்பே ஆங்கில எழுத்துக்கோவையை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுவிடுங்கள். பிறகு பெயரை மாற்ற வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டு மறுபடியும் பதிவாளரிடம் போக வேண்டும்.

வெளியூர்க் கிளைகளுக்கு யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களைப் பார்க்கலாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் கிளை தொடங்கும்போது பள்ளியின் பெயரை அப்படியே வைத்து, நாட்டின் பெயரைத் தனியாகச் சேர்க்கிறார்கள். சென்னைக்காரர்களும் 'சென்னைக் கிளை' என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளட்டும். அவர்கள் தனிப் பெயர் வைத்தால் இரண்டே ஆண்டில் அது தனிச் சங்கமாகிவிடும்.

ஆறாம் படி: சந்திப்பின் பெயர்

சங்கத்தின் பெயரைவிட இதில்தான் கவிஞர்கள் அதிகம் புகுவார்கள். பழைய திரைப்பாடலின் வரியை வைப்பதில் முக்கியமான சிக்கல், அந்தப் பாட்டு ஒரு தலைமுறைக்கு மட்டும் சொந்தம் என்பதுதான். பிளக்ஸ் பலகையில் அந்த வரியைப் பார்த்தவுடனே 2012 செட் 'இது அப்பாக்களின் விழா' என்று முடிவுகட்டிவிடும். 'ரீயூனியன்' என்று வைத்தால் எதிர்த்திசையில் அதே கதை.

'வெள்ளி விழாச் சந்திப்பு' என்பது ஒரே ஒரு செட்டின் இருபத்தைந்தாம் ஆண்டு. அந்த செட் தனியாகக் கொண்டாடட்டும். பொதுச் சந்திப்புக்கு அந்தப் பெயர் கூடாது. 'ஆண்டு விழா' என்பது பள்ளி நடத்துவது, குழப்பம் வரும். 'குடும்ப விழா' என்று எழுதினால் தனியாக வாழ்பவர்களும் துணையை இழந்தவர்களும் யோசிப்பார்கள். 'குடும்பத்தினரும் வரலாம்' என்று அழைப்பிதழில் ஒரு வரி போதும்.

எண்ணிக்கையும் கவனத்துக்குரியது. 'முதலாம் ஆண்டுச் சந்திப்பு' என்று அச்சடித்தால், அதற்கு முன் பதினைந்து ஆண்டாகத் தாங்களாகவே கூடிவந்த செட்டுக்கு மனம் வருந்தும். தவிர, கொரோனாக் காலத்தைப் போல ஏதாவது ஓராண்டு விட்டுப்போனால் எண்ணைத் தொடர்வதா, கூட்டுவதா என்று ஒரு விவாதம். எண்ணே வேண்டாம், ஆண்டை மட்டும் போடுங்கள். 'மேலப்பட்டி பெரிய பள்ளிச் சந்திப்பு – 2027'. சாதுவான பெயர்தான். அடுத்த ஆண்டு ஒரு எண்ணை மாற்றினால் அதே பலகை, அதே முகப்பு.

பண்டிகையை வைத்துப் பெயரிட நினைத்தால் காணும் பொங்கல் பலருக்கும் பொருந்தும், வெளியூரில் இருப்பவர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள். ஆனால் பெயரில் பொங்கலைச் சேர்த்துவிட்டால் பிறகு நாளை மாற்ற முடியாது. நாளைத் தேதியாக வையுங்கள், பெயராக வைக்காதீர்கள்.

ஏழாம் படி: செட்டுக்கு எந்த ஆண்டு?

சங்கத்துக்கு நல்ல பெயர் வைத்துவிட்டு, வாசலில் அடையாள அட்டை எழுதும்போது எல்லாம் கெட்டுப்போவது உண்டு. '1990 பிளஸ் டூ' என்று அட்டை அடித்தால், 1988-ல் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்குப் போன அதே வகுப்புத் தோழனுக்கு அட்டை இல்லை. ஓராண்டு தேறாமல் நின்றவர் எந்த செட்? 1978-க்கு முன் பதினொன்றில் முடித்தவருக்குப் பிளஸ் டூ ஆண்டு என்று ஒன்று ஏது?

சேர்ந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'ஆறாம் வகுப்பு 1983' என்றால் எட்டில் நின்றவரும் பன்னிரண்டில் முடித்தவரும் ஒரே மேசை. ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர், தன்னோடு படித்தவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டையே எழுதிக்கொள்ளட்டும். இரண்டு செட்டோடு படித்தவருக்கு எந்த மேசை என்பதை அவரே சொல்வார், நாம் கேட்டால் போதும். அட்டையில் பெயரைப் பெரிதாகவும் ஆண்டைச் சிறிதாகவும் எழுதுங்கள். பதவி, படிப்பு, ஊர் எதுவும் வேண்டாம். 'டாக்டர்', 'பொறியாளர்' என்று முன்னொட்டு வந்தவுடனே மற்றவர்கள் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

அழைப்பிதழில் பெயருக்குக் கீழே பள்ளியின் நான்கு பெயர்களையும் சிறிய எழுத்தில் ஒரே வரியில் அச்சிடுங்கள். அதன் கீழ் இப்படி: 'இந்தப் பள்ளியில் எந்த வகுப்பில், எத்தனை ஆண்டு படித்திருந்தாலும் வாருங்கள்.' அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், 1960-களில் படித்த ஒருவர், பிரிவினைக்கு முன் படித்த ஒரு பெண், எட்டோடு நின்ற ஒருவர், போன ஆண்டு பிளஸ் டூ முடித்த ஒருவர் என நால்வரிடம் காட்டுங்கள். நால்வரில் ஒருவராவது 'இது எனக்கா?' என்று கேட்டால் அச்சகத்தாரிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.